பல கை மாறிய ப்ரோஷரை அச்சுக்கு அனுப்பும் முன்

சென்னையில் ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்கு 16 பக்கத்தில் ப்ரோஷர் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவு ஆங்கிலத்தில் தந்த குறிப்பை ஓர் எழுத்தாளர் தமிழில் எழுதுகிறார். கட்டடக் கலைஞர் வீட்டு வரைபடங்களைத் தருகிறார். வழக்கறிஞர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகளைச் சேர்க்கிறார். டிசைனர் பக்கம் கட்டுகிறார். நிர்வாக இயக்குநர் வாட்ஸ்அப்பில் நாலு திருத்தம் அனுப்புகிறார். கடைசியில் `brochure_final_new_3.pdf` என்ற பெயரில் ஒரு கோப்பு வந்து சேர்கிறது. அதைப் பார்த்து “சரி” சொல்லும் பொறுப்பு ஒருவர் தலையில் விழுகிறது.

அவர் பெரும்பாலும் முதல் பக்கத்திலிருந்து எழுத்துப் பிழை தேடத் தொடங்குவார். ஆனால் இத்தனை பேர் படித்த பிரதியில் ஒற்றுப் பிழை மிஞ்சியிருப்பது குறைவு. மிஞ்சியிருப்பது வேறு வகை: ஒருவர் மாற்றியது இன்னொருவருக்குத் தெரியாததால் வந்த முரண். அப்படிப்பட்ட வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், படிக்கவும் நன்றாக இருக்கும், தகவல் மட்டும் பழையதாக இருக்கும். அதனால் கடைசிச் சரிபார்ப்புப் பட்டியலை எங்கிருந்தோ எடுத்து ஒட்ட முடியாது. அந்த ஆவணம் யார் யார் கை வழியாக வந்தது என்பதிலிருந்துதான் அதை உருவாக்க வேண்டும்.

வீட்டுத் திட்ட ப்ரோஷரில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் பளிச்சென்று தெரிய வேண்டும். விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால், கட்டுநர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு.

பட்டியலின் முதல் வேலை, தகவல் அட்டவணை ஒன்று போடுவது. ப்ரோஷரில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுத வேண்டும். பக்கத்திலேயே மூன்று விஷயம்: சரியான மதிப்பு என்ன, அதற்கு ஆதாரமான ஆவணம் எது, ப்ரோஷரில் அது எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

இரண்டு படுக்கையறை வீட்டின் கார்பெட் ஏரியா முதலில் 742 சதுர அடி. பிறகு குளியலறையை ஒட்டி, குழாய்கள் இறங்குவதற்கு ஒரு டக்ட் வைக்கிறார்கள். சட்டப்படி டக்ட்டின் இடம் கார்பெட் ஏரியாவில் சேராது. 14 சதுர அடி குறைந்து 728 ஆகிறது. டிசைனர் கோப்பில் 742 என்று தேடுகிறார். மூன்று இடத்தில் கிடைக்கிறது: 3-ஆம் பக்க விவரணையில், 7-ஆம் பக்க அட்டவணையில், பின்னட்டையில். மூன்றையும் மாற்றிவிட்டு “முடிந்தது” என்கிறார்.

முடியவில்லை. அதே அட்டவணையின் அடுத்த கட்டத்தில் சதுர மீட்டர் கணக்கு 68.93 என்றே நிற்கிறது, 67.63 என்று மாறியிருக்க வேண்டும். 8-ஆம் பக்க வரைபடம் படமாக ஒட்டப்பட்டது. அதற்குள் இருக்கும் 742 எந்தத் தேடலிலும் சிக்காது, குளியலறையின் நீள அகலமும் பழையதுதான். இயக்குநரின் முன்னுரையில் “ஏறக்குறைய 750 சதுர அடி” என்று இருக்கிறது. 742-ஐ அப்படிச் சொன்னதை ஏற்கலாம், 728-ஐச் சொல்வது ஏமாற்று. மாற்றிய இடங்கள் மூன்று, தப்பியவையும் மூன்று. அதனால் அட்டவணையில் ஒரு எண்ணை எழுதும்போதே, அதிலிருந்து கணக்கிட்டு வந்த எண்களையும், முழுமையாக்கிச் சொன்ன இடங்களையும், படங்களுக்குள் இருப்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் ப்ரோஷருக்கு இன்னொரு பொறி உண்டு. `Ctrl+F` போட்டு ஒரு பெயரைத் தேடுகிறோம், “கிடைக்கவில்லை” என்கிறது. பழைய பெயர் எங்கும் இல்லை என்று நிம்மதி அடைகிறோம். பக்கம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கட்டப்பட்டிருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். யூனிகோடில் தட்டிய சொல் அதில் அகப்படவே அகப்படாது. ஆகவே தேடலை நம்பும் முன், கண்ணெதிரே தெரியும் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடிப் பார்க்க வேண்டும். அதுவே கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பில் தேடல் பயன்படாது, தாளில் விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

யூனிகோடிலும் வேறொரு சிக்கல். ‘பெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினி அதை பகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. பக்கம் கட்டும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போடப்படவில்லை என்றால் பெருங்குடியின் கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். சேமித்த எழுத்துகள் சரியாகவே இருப்பதால் பிழைதிருத்தும் மென்பொருள் எதுவும் சொல்லாது. கடைசி நேரத்தில் வேறு கணினியிலிருந்து ஒட்டிய பத்தியில்தான் இது அதிகம் வரும், முக்கியமாகத் தலைப்புகளிலும் அட்டவணைக் கட்டங்களிலும். எனவே ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் வரும் எழுத்துகளை மட்டும் பார்க்க, அச்செடுத்த தாளில் ஒரு தனிச் சுற்று தேவை.

எண்களைப் பார்க்கப் பழைய அச்சக முறையை விட நல்லது எதையும் நான் அறியேன். ஒருவர் ஆதார ஆவணத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்ப்பது போதாது, தாளிலிருந்து பார்த்து அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கியூஆர் குறியீட்டைத் திரையில் அல்லாமல், அச்சாகப்போகும் அதே அளவில் அச்செடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும். அது திறக்கும் பக்கம் பொதுமக்களுக்குரியதா, வேலை நடந்தபோது போட்ட தற்காலிகப் பக்கமா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, அச்சகத்துக்குப் போகும் முதல் நாள் மாலை ஒரு வாட்ஸ்அப் வரும்: “நீச்சல் குளம் பற்றி ஒரு வரி சேருங்கள்.” ஒரு வரிதானே என்று அந்த வரியை மட்டும் சரிபார்த்து அனுப்புவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஒரு வரி கூடினால் பத்தி கீழே இறங்கும், பெட்டிக்குள் கொள்ளாத கடைசி வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும். மறைந்தது வழக்கறிஞர் சேர்த்த நிபந்தனையாகவும் இருக்கலாம். முந்தைய பிடிஎஃபையும் புதியதையும் மென்பொருளில் ஒப்பிட்டால், கேட்ட மாற்றத்தைத் தவிர வேறு என்ன மாறியது என்று தெரிந்துவிடும். வரி சேர்ந்த பக்கம் முழுவதையும், அதை அடுத்த பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டும்.

இதெல்லாம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. சரிபார்ப்பு தொடங்கும்போது ஒரே ஒரு கோப்பு நடப்பில் இருக்க வேண்டும், அதை ஒரே ஒருவர்தான் திறந்து மாற்ற வேண்டும். கோப்பின் பெயரில் `final` வேண்டாம், தேதியும் நேரமும் போடுங்கள். தகவல் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பார்த்தவர் கையெழுத்திடட்டும். கார்பெட் ஏரியாவுக்குக் கட்டடக் கலைஞர், பதிவு எண்ணுக்கு வழக்கறிஞர், தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பார்த்தவர். எந்த வரிக்கு எதிரே கையெழுத்து இல்லையோ, அது முடியும் வரை ப்ரோஷரை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.