திங்கட்கிழமை தொடங்கும் கணக்கு

'வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்' என்று சொல்லித்தான் பிரிட்டனுக்கு முதுகலை படிக்க அனுப்பிவைக்கிறார்கள். அந்த வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்பதைப் பலர் சொல்வதில்லை. விசா விதியில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, ஆக சராசரி 20 என்று சமாளிக்க முடியாது. 24 மணி நேரம் பார்த்த அன்றே விதி மீறியாகிவிட்டது.

லண்டனில் ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். புதன்கிழமை பல்கலைக்கழக நூலகத்தில் 4 மணி நேரம். வெள்ளியும் சனியும் ஈழத்தமிழர் ஒருவரின் கடையில் எட்டெட்டு மணி நேரம். மொத்தம் 20. சனி இரவு முதலாளி கேட்கிறார்: "தங்கச்சி, நாளைக்குப் பெடியன் வரேல்லை. ஆறு மணித்தியாலம் நிக்கேலுமே?" அவர் கணக்கில் அவள் 16 மணி நேரம்தான் பார்த்திருக்கிறாள், நூலக வேலை அவருக்குத் தெரியாது. இரண்டு இடத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டியவள் அவள்தான். "இந்த வாரம் முடிஞ்சுதுண்ணா, திங்கட்கிழமைன்னா வர்றேன்" என்பதே சரியான பதில். "கையில தாறன்" என்று அவர் சொன்னாலும் அது வேலை நேரம்தான். சம்பளமே இல்லாமல் கடையில் நின்றாலும் அப்படியே.

ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கி திங்கள் காலை 6 மணிக்கு முடியும் ஷிப்ட் இன்னொரு சிக்கல். இதில் 2 மணி நேரம் பழைய வாரத்துக்கும் 6 மணி நேரம் புதிய வாரத்துக்கும் போகும். மாதச் சம்பளச் சீட்டில் இந்தப் பிரிவு தெரியாது. அதனால் வேலை பார்த்த நேரத்தை நாள்வாரியாகத் தானே குறித்துவைப்பது நல்லது.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலை சுலபமாகக் கிடைப்பதுபோலத் தெரியும். பெரும்பாலும் அது சுயதொழிலாகக் கணக்கில் வரும். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். என்னைக் கேட்டால், முதலில் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவைத் தட்டுங்கள் என்பேன். நூலகம், மாணவர் சங்கக் கடை, புது மாணவர்களுக்கு வழிகாட்டுவது என்று அங்கேயே வேலைகள் இருக்கும். தேர்வு வாரத்தில் ஷிப்ட் குறைக்கச் சொன்னாலும் காரணம் புரியும்.

நிறையப் பேர் மாட்டுவது கோடையில். இளங்கலை மாணவருக்கு அது விடுமுறை. முழுநேரமும் வேலை பார்க்கலாம். ஓராண்டு முதுகலை மாணவருக்கோ ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பே இல்லாவிட்டாலும் அது படிப்புக் காலம்தான், 20 மணி நேரம்தான். கடைக்காரர் ஜூலையில் 40 மணி நேரம் தர முன்வந்தால், பல்கலைக்கழகத்தின் தேதிக் கடிதத்தில் படிப்பு முடியும் நாள் எது என்று முதலில் பாருங்கள்.