ஓரம் போன ஸ்டேட்மென்ட்: வங்கிக்கு என்ன எழுதுவது?

கரூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1-4-2024 முதல் 31-3-2025 வரையிலான சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். கிளையில் வாங்கிய 14 பக்கங்களையும் கடைப் பையன் கல்லாப்பெட்டி மேல் விரித்து, கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். மறுநாளே கடன் அதிகாரி திருப்பி அனுப்புகிறார்: "சார், பேலன்ஸ் தெரியல, சில பக்கத்துல தேதியே இல்ல." அதற்குள் மூலத் தாள்களும் எங்கோ போய்விட்டன. இனி வங்கிக்கு எழுதித்தான் நகல் வாங்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டியது கேமராவா, அச்சு இயந்திரமா? படத்தில் தாளின் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தெரிந்தும் கடைசி நெடுவரிசை இல்லையென்றால், அது அச்சிலேயே போயிருக்கிறது. அகலவாட்டில் அச்சிட வேண்டியதை நெட்டுவாட்டில் அச்சிட்டால் இப்படித்தான் ஆகும். அந்தத் தாளை எத்தனை முறை படமெடுத்தாலும் பேலன்ஸ் வராது. வெள்ளை ஓரமே தெரியவில்லையென்றால் கோளாறு படத்தில். ஸ்கேன் செய்யும் செயலிகள் தாளின் விளிம்பு என்று நினைத்து அட்டவணைக் கோட்டோடு வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்த வித்தியாசம் கடிதத்துக்கும் முக்கியம். அச்சிலேயே பிழை என்றால், நகலுக்குக் கட்டணம் வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்து, எது எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நெடுவரிசை போனால் கண்ணுக்குத் தெரியும். கீழ் ஓரத்தில் ஒரு வரி போனால் தெரியாது. கூட்டிக் கழித்தால்தான் பிடிபடும். நம் கடைக்காரரின் 3ஆம் பக்கம் 17-6-2024 அன்று 84,210 ரூபாய் இருப்போடு முடிகிறது. 4ஆம் பக்கத்தின் முதல் வரி 19-6-2024: பற்று 5,000, இருப்பு 76,710. ஆனால் 84,210இல் 5,000 போனால் 79,210 அல்லவா இருக்க வேண்டும்? 2,500 ரூபாய் குறைகிறது. இடையில் ஒரு வரியாவது வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 3,000 வரவும் 3,000 பற்றும் சேர்ந்தே காணாமல் போயிருந்தால் இந்தக் கணக்கு அதைக் காட்டாது. அதனால் கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதற்காக எல்லா வரியும் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

இருப்பு நெடுவரிசை ஒரு சாட்சி மாதிரி. பற்றா வரவா என்ற நெடுவரிசை மங்கிப்போயிருந்தாலும், இருப்பு ஏறியதா இறங்கியதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். இருப்பே போய்விட்டால் ஊகம்தான் மிச்சம். பாதி வெட்டுப்பட்ட இருப்பு இன்னும் ஆபத்து. 84,210.00 என்பது படத்தில் 84,21 என்று நிற்கும். கடைசிக் காற்புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இல்லையென்றால் எண் முழுசாக இல்லை என்று புரிந்துகொள்ளலாம். வியாபாரிகளின் சி.சி. கணக்கிலோ ஓவர்டிராஃப்டிலோ, எண்ணுக்குப் பின்னால் 'டிஆர்', 'சிஆர்' என்று அச்சாகும் வழக்கம் உண்டு. அந்த இரண்டெழுத்து வெட்டுப்பட்டால், வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய கடன் உங்கள் கையிருப்பு போலத் தோன்றும். கடன் அதிகாரிகள் ஓரம் போன தாளைத் தொடாமல் திருப்புவதை இதனால்தான் நான் குறை சொல்ல மாட்டேன்.

இத்தனையும் குறித்துக்கொண்டால் கடிதம் தானே வந்துவிடும். பக்க எண்ணை மட்டும் நம்பி எழுதாதீர்கள். மறுபடி அச்சிடும்போது பக்கங்கள் வேறு மாதிரி பிரியக்கூடும். தேதியைச் சொல்லுங்கள். ஓரம் போன பக்கத்தில் தேதியே இல்லையென்றால், முந்தைய பக்கத்தின் கடைசித் தேதியும் அடுத்த பக்கத்தின் முதல் தேதியும் எல்லைகளாக இருக்கும். கேட்பது மட்டும் முழுக் காலத்துக்கும் இருக்கட்டும். பழைய படம் பாதி, புது நகல் பாதி என்று ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் மறுபடியும் திரும்பி வரும்.

"பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.
பொருள்: தெளிவான நகல் ஸ்டேட்மென்ட் கோருதல். சேமிப்புக் கணக்கு எண் …

ஐயா / அம்மா,

மேற்கண்ட கணக்கின் 1-4-2024 முதல் 31-3-2025 வரையிலான ஸ்டேட்மென்ட்டின் படங்கள் மட்டுமே இப்போது என்னிடம் உள்ளன. அவற்றில் 8-8-2024 முதல் 24-10-2024 வரையிலான பக்கங்களில் வலது ஓரம் வெட்டுப்பட்டு இருப்பு நெடுவரிசை இல்லை. 21-12-2024க்கும் 14-1-2025க்கும் இடைப்பட்ட பக்கத்தில் இடது ஓரம் போனதால் தேதிகள் இல்லை. 17-6-2024க்கும் 19-6-2024க்கும் இடையில் இருப்பு 2,500 ரூபாய் வேறுபடுவதால் ஒரு வரியாவது விடுபட்டிருக்கலாம்.

எனவே முழுக் காலத்துக்கும் தேதி, வேல்யூ டேட், விவரம், காசோலை அல்லது குறிப்பு எண், பற்று, வரவு, இருப்பு ஆகிய எல்லா நெடுவரிசைகளும், ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் தெரியும்படி, ஒவ்வொரு பக்கத்திலும் கிளை முத்திரையும் கையொப்பமும் இட்டு ஒரு நகல் தர வேண்டுகிறேன். அதன் பி.டி.எஃப். கோப்பைப் பதிவு செய்துள்ள என் மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டுகிறேன். கட்டணம் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும். வெட்டுப்பட்ட பக்கங்களின் பிரதிகளை இணைத்துள்ளேன்."

கீழே கையெழுத்து, வங்கியில் பதிந்த கைப்பேசி எண், தேதி. அவ்வளவுதான். கடன் எதற்கு, வீடு எங்கே என்ற கதையெல்லாம் வேண்டாம். ஏ.டி.எம். பின், ஓ.டி.பி. எதையும் எழுதக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். மேலாளர் தமிழ் படிக்காதவராக இருந்தால், நெடுவரிசைகளின் பெயரை ஸ்டேட்மென்ட்டில் அச்சாகியிருக்கிறபடியே எழுதுவது வேலையைச் சுலபமாக்கும்.

பி.டி.எஃப். கேட்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அதைப் படமெடுக்காமல் அப்படியே அனுப்பலாம். ஓரம் போகும் பேச்சே இல்லை. நெட் பேங்கிங் வைத்திருப்பவர்கள் கிளைக்குப் போகாமலே அதை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை வருடம் பின்னால் கிடைக்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

நீதிமன்றத்துக்கு என்றால் கதை வேறு. காசோலை திரும்பிய வழக்கு போன்றவற்றில் முத்திரை மட்டும் போதாது. 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த நகல் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கணினியிலிருந்து எடுத்த அச்சுக்கு அந்தச் சட்டம் கேட்கும் சான்றிதழும் கூடவே வர வேண்டும். பிறகு கேட்டால் இன்னொரு நடை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்குங்கள். நகல் கைக்கு வந்ததும் மேசையை விட்டு எழுவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு ஒத்துப்போகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

நகல் வராமலே இழுத்தடித்தால், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு அதையே வங்கியிடம் எழுத்துப் புகாராகக் கொடுங்கள். அதற்கு 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.