காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல

வாரந்தோறும் சனிக்கிழமையன்று சில நூறு நிறுவனங்களின் கணக்குகளை விரிதாளில் இட்டு, இரண்டு நிபந்தனைகளால் சலித்தெடுப்பது என் வழக்கம். பங்கின் விலை, கடைசி நான்கு காலாண்டுகளில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபத்தைப்போல் 15 மடங்குக்குள் இருக்க வேண்டும். கடன், பங்குதாரர்களின் சொந்த நிதியில் பாதியைத் தாண்டக் கூடாது. வங்கிகளுக்குக் கடனே கச்சாப் பொருள் என்பதால் அவற்றைச் சேர்ப்பதில்லை.

தொடக்கத்தில் என் பட்டியலின் உச்சியில் நின்றவை, கடன் கட்டம் காலியாக இருந்த நிறுவனங்களே! விரிதாள் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, கடனற்றவை என்று அவற்றைத் தேர்ச்சி பெறச் செய்திருந்தது. நஷ்டத்தால் சொந்த நிதியை முற்றிலும் இழந்தவையும் உள்ளே நுழைந்தன. அவற்றின் விகிதம் மைனஸில் வரும்; மைனஸ் எண் 0.5-ஐ விடக் குறைவுதானே. இப்போது கடன் C பத்தியிலும் சொந்த நிதி D பத்தியிலும் இருக்க, இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறேன்:

```
=IF(OR(C2="",D2<=0),"?",C2/D2)
```

கேள்விக்குறி பெற்றவை தேர்ச்சியும் அல்ல, தோல்வியும் அல்ல. தனியே பார்க்க வேண்டியவை. செபி விதிகளின்படி லாப நஷ்டக் கணக்கு காலாண்டுதோறும் வெளிவரும். சொத்து, கடன் விவரமோ செப்டம்பர், மார்ச் முடிவுகளுடன் வந்தால் போதும். எனவே பிப்ரவரியில் நான் காணும் கடன் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தியது. அதன் தேதியை அருகிலேயே குறித்துக்கொள்கிறேன்.

காலிக் கட்டமாவது கண்ணில் படும். திருத்தப்பட்ட எண் படாது. ஒரு பங்கின் விலை 180 ரூபாய் என்று கொள்வோம். டிசம்பர், மார்ச், ஜூன், செப்டம்பர் காலாண்டுகளின் லாபம் முறையே 4, 5, 4, 2 ரூபாய். கூட்டினால் 15, மடங்கு 12. தேர்ச்சி! ஆனால், செப்டம்பர் காலாண்டில் நிறுவனம் ஒரு பிரிவை விற்க முடிவெடுத்து, அதன் லாபத்தைத் தனியே பிரித்துக் காட்டியிருந்தால்? முதல் மூன்று எண்களில் அந்தப் பிரிவு உண்டு, நான்காவதில் இல்லை. வெவ்வேறு அளவைகளைக் கூட்டியிருக்கிறோம்.

இதற்கு வழி அதே செப்டம்பர் அறிக்கையில் இருக்கிறது. முந்தைய ஆண்டின் எண்களும் புதிய அடிப்படையில் திருத்தப்பட்டு அதில் அச்சாகியிருக்கும். தொடரும் தொழில்களின் லாபம் சென்ற முழு ஆண்டில் 10 ரூபாய், அதன் முதல் அரையாண்டில் 5, நடப்பு அரையாண்டில் 4 என்றிருந்தால், 10-இலிருந்து 5-ஐக் கழித்து 4-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது 9, மடங்கு 20. நிறுவனம் வெளியேறுகிறது.

இந்த 20-உம் சற்றுக் கடுமையானதே. விற்பனை முடியும்வரை பங்கின் விலையில் அந்தப் பிரிவின் மதிப்பும் கலந்திருக்கிறது. விற்பனைத் தொகை அறிவிக்கப்பட்டிருந்தால், வரி போக எஞ்சுவதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, விலையில் கழித்துப் பார்க்கலாம். அறிவிக்கப்படாதவரை அந்த நிறுவனத்துக்கும் நான் இடுவது கேள்விக்குறிதான்.