கைமாறிய கணக்கு: முதல் வாரச் சோதனை

வேறொருவர் நடத்திவந்த கூகுள் ஆட்ஸ் கணக்கு நம் பொறுப்புக்கு வந்ததும் ஏலத் தொகையை மாற்றக் கை துறுதுறுக்கும். முதல் வாரம் அது வேண்டாம். பழைய எண்கள் சரியா என்று தெரியாமல் எதை மாற்றினாலும், பலன் கூடியதா குறைந்ததா என்று பிறகு சொல்ல வழியிருக்காது.

உதாரணத்துக்கு, கோவையில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதச் செலவு 90,000 ரூபாய். கணக்கு காட்டும் விசாரணைகள் 300. ஒன்றுக்கு 300 ரூபாய். கடையின் நோட்டில் விளம்பரம் பார்த்துக் கேட்டவர்கள் 150 பேர்தான். அப்படியானால் உண்மை விலை 600.

மீதி 150 எங்கிருந்து வந்தது? Conversions பக்கத்தைத் திறந்தால் தெரியும். ஒரே படிவத்தை கூகுள் ஆட்ஸ் டேக் ஒருமுறை எண்ணுகிறது, GA4-இலிருந்து இறக்கியது மறுமுறை எண்ணுகிறது. இரண்டும் Primary. ஒன்றை Secondary ஆக்க வேண்டும். Count அமைப்பு Every என்றிருந்தால், நன்றிப் பக்கத்தை ஒருவர் ரீலோடு செய்தாலும் எண்ணிக்கை ஏறலாம். விசாரணைகளுக்கு One போதும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. பழைய கணக்கை நம்பி Target CPA 300 என்று வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைத் திருத்திவிட்டு இதை அப்படியே விட்டால், சிஸ்டம் ஏலத்தைக் குறைத்துக்கொண்டே போகும், விளம்பரம் முடங்கும். இலக்கையும் சேர்த்து உயர்த்த வேண்டும். திரையில் விசாரணை பாதியாகும் என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கட்டமைப்பு. கடையின் பெயரையே தேடி வருபவர்களும் பொதுவாக 'ஆர்.ஓ. சர்வீஸ்' என்று தேடுபவர்களும் ஒரே கேம்பெய்னில் கலந்திருந்தால், முன்னவரின் மலிவு பின்னவரின் விலையை மறைக்கும். பிரித்துப் பாருங்கள்.

வீண்செலவைத் தேட Search terms அறிக்கையைச் செலவு வாரியாக அடுக்குங்கள். 'ஆர்.ஓ. டெக்னீஷியன் வேலை', 'ஃபில்டர் நாமே மாற்றுவது எப்படி' போன்றவை மேலே வந்தால் நெகட்டிவ் பட்டியலில் சேர்க்கலாம். மிகச் சிலரே தேடிய சொற்களை கூகுள் இதில் காட்டாது. எனவே அறிக்கையின் கூட்டுத்தொகை மொத்தச் செலவை எட்டாது. இட அமைப்பு Presence or interest என்றிருந்தால், கோவையில் ஆர்வம் காட்டும் சென்னைக்காரருக்கும் விளம்பரம் போகும். வீட்டுக்கே சென்று பழுதுபார்க்கும் கடைக்கு Presence போதும்.

கடைசியாக, இல்லாத அறிக்கை. எந்த விசாரணை வேலையாக மாறியது என்று கணக்கில் எங்கும் இல்லை. படிவத்தோடு GCLID-ஐயும் சேமித்தால், கிளிக் நடந்த 90 நாட்களுக்குள் அந்த விவரத்தைத் திருப்பி ஏற்றலாம். இந்த வாரம் சேமிக்கத் தொடங்கினால்தான் அடுத்த மாதம் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கும்.

அடுத்த வாரம்: திருத்தங்களை எந்த வரிசையில் செய்வது?