ஆடிக் காற்றும் தவில் அடியும்

முப்பந்தல் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கொடை. ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து வேகமெடுக்கும் தென்மேற்குக் காற்று நேராக வந்து அடிக்கும் இடம் அது. சும்மாவா அங்கே இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! நண்பர் குடும்பத்துக் கோயில் என்பதால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கேமராவின் தலையில் ஒரு சின்ன மைக், அதற்கு ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு உறை. அது போதும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் இரண்டு இடம் போயிருந்தது. எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கோயில் வாசலில் உட்கார்ந்து, அம்மன் அந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்கிறார். வாய் அசைவது தெரிகிறது. காதில் விழுவதோ, தகரக் கூரையை யாரோ பிடித்து உலுக்குகிற சத்தம். அடுத்தது நையாண்டி மேளம். மேளக்காரர்கள் நின்ற பந்தலுக்குள் காற்று வரவில்லை. ஆனாலும் தவிலின் ஒவ்வோர் அடியும் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்பதுபோல் கரகரத்தது.

"மைக்கு போயிருச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிருங்க" என்றான் எடிட் செய்து தரும் தம்பி. மைக்கில் ஒரு பழுதும் இல்லை. இரண்டும் வேறு வேறு வியாதி, என் கைத்தவறால் வந்தவை.

முதலில் காற்று. அந்த வாசலில் நின்றபோது என் காதுக்குப் பெரியவர் பேசியது நன்றாகவே கேட்டது. மைக்குக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? மைக்குக்குள் இருப்பது மெல்லிய ஒரு சவ்வு. காற்றழுத்தம் கூடிக் குறைவதற்கேற்ப அது அதிரும், அந்த அதிர்வுதான் ஒலியாகப் பதிவாகிறது. ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது ஒரு மீட்டர் தள்ளி ஏற்படும் அழுத்த மாற்றம் ஏறக்குறைய 0.02 பாஸ்கல்தான். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு பொருளின் மேல் மோதும் அழுத்தமோ 15 பாஸ்கல். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏறி இறங்கித் துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, பேச்சைப்போல 75 மடங்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த 18 கிலோமீட்டர் முப்பந்தலில் ஆடி மாதத்துக்கு வெறும் இளங்காற்று.

ஆக, பதிவில் கேட்கிற கடகட என்பது காற்று ஊரில் எழுப்பிய ஓசை இல்லை. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழித்து, சவ்வை நேரடியாகப் பிடித்துத் தள்ளியதால் வந்தது. தென்னை ஓலையின் சலசலப்பு வேறு, இது வேறு. ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும்படி செய்த மைக்குகள் இந்தச் சுழிப்புக்கு இன்னும் அதிகமாக மாட்டிக்கொள்ளும். கேமராவின் மேல் நாம் மாட்டுகிறவை பெரும்பாலும் அந்த ரகம்தான்.

மைக்கோடு இலவசமாக வரும் ஸ்பாஞ்சு, வாயருகே மைக்கை வைத்துப் பேசும்போது மூச்சு அடிக்காமல் காக்கும். மின்விசிறிக் காற்றையும் ஓரளவு தாங்கும். வெளிக்காற்றுக்கு அது பத்தாது. அங்கே தேவைப்படுவது புசுபுசுவென்று நீள முடி வைத்த ஃபர் உறை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை 'டெட் கேட்' என்பார்கள், செத்த பூனை. பார்க்க அப்படித்தான் இருக்கும். வரும் காற்றை அது சுவர்போல நின்று தடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான முடிகள் ஆளுக்குக் கொஞ்சமாக அசைந்து, காற்றின் வேகத்தைப் படிப்படியாகக் கரைக்கின்றன. உள்ளே மைக்கைச் சுற்றி அசையாத காற்று ஒரு பொட்டலமாக நிற்கிறது. பேச்சின் ஒலியலை இந்த முடிகளுக்கு இடையே புகுந்து வந்துவிடும். கூர்மையான ஓசைகள் மட்டும் லேசாக மங்கும், அது பெரிய இழப்பில்லை.

அசையாத காற்றின் பொட்டலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அதனால்தான் சினிமாக்காரர்கள் மைக்கைக் கூடைபோன்ற ஒரு கூட்டுக்குள் தொங்கவிட்டு, அதன் மேல் ஃபர் போர்த்துகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் உறையின் அடிப்பக்கம், வயர் வெளியே வரும் இடத்தில், இடைவெளி விடாமல் இழுத்து மாட்டுங்கள். காற்று அந்த ஓட்டையைத் தேடி வரும். சாரலில் முடி நனைந்து ஒட்டிக்கொண்டால் ஃபர் வேலை செய்யாது. உதறிக் காயவைத்துச் சீப்பால் வாரிவிட வேண்டும். என் கேமராப் பையில் ஒரு சீப்பு இருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

கேமரா மெனுவில் `Wind filter` என்று ஒன்று இருக்குமே, அதைப் போட்டால் போதாதா? அது அடித்தொண்டை ஓசைகளை வெட்டும் வடிகட்டி. காற்றின் உறுமல் பெரும்பாலும் அங்கேதான் இருப்பதால் கொஞ்சம் உதவும். ஆனால் காற்று சவ்வை முட்டித் தள்ளி, மைக்கின் மின்சுற்றையே திணறடித்துவிட்ட பிறகு வடிகட்ட ஒன்றும் மிஞ்சாது. மைக்கிலேயே அடி ஓசையை வெட்டும் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுவது மேல். அதுவும் ஃபர் போட்ட பிறகுதான்.

இனி தவில். டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அளவுமானியில் அது 0 என்று இருக்கும். மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு. கூரைக்கு மேலே எழும்பும் அலையின் தலை அப்படியே சீவப்படும். எடிட்டிங்கில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்திருக்க வேண்டிய முகடுகள் மொட்டை மாடிபோல் தட்டையாக நிற்கும். இதைத்தான் கிளிப் ஆவது என்கிறோம். சீவிப்போன தலையைத் திரும்ப ஒட்ட முடியாது. அதற்கென்று உள்ள மென்பொருள்கள் ஊகித்து ஒட்டுப்போடும். ஒன்றிரண்டு அடிகளுக்குச் சரி, முழு மேளத்துக்கும் ஆகாது.

நான் ஒலி அளவை `Auto`வில் விட்டிருந்தேன். ஆட்டோ என்பது பதற்றக்காரன். அமைதியாக இருந்தால் 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று அளவை ஏற்றிக்கொண்டே போகும், இரைச்சலும் சேர்ந்து ஏறும். திடீரென்று தவில் விழுந்தால் கீழே இழுக்கும், ஆனால் முதல் அடி அதற்குள் கிழிந்திருக்கும். பெரியவர் பேசிய இடத்திலும் இதே கூத்து. காற்று ஒவ்வொரு முறை குமுறும்போதும் அதையே பெருஞ்சத்தமென்று எண்ணி அளவை இறக்கியது, கூடவே அவர் குரலும் கிணற்றுக்குள் போனது.

அடுத்த ஆடிக்கு மறுபடி போனேன். மெனுவில் `Manual` வைத்து, காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மைக்கில் அடிக்கும் காற்று வெறுங்காதுக்குத் தெரியாது என்பதால் ஹெட்போன் இல்லாமல் எடுப்பது குருட்டாட்டம். மேளக்காரர்களிடம் போய், "அண்ணே, உச்சத்துல எப்படி வாசிப்பீங்களோ அதை அரை நிமிஷம் வாசிங்க" என்று கேட்டேன். அவர்கள் வாசிக்க வாசிக்க அளவைத் திருகி, பலமான அடிகள் மானியில் -12ஐ ஒட்டி நிற்கும்படி வைத்தேன். மேலே உள்ள 12 டெசிபல், சாமியாட்டம் உச்சத்துக்குப் போகும்போது அவர்கள் இன்னும் ஏற்றி அடிப்பதற்கான இடம். அது நிச்சயம் நடக்கும். ஒத்திகையில் யாரும் முழுப் பலத்தோடு அடிப்பதில்லை.

அப்படியும் கரகரப்பு போகவில்லை. மானி -12, காதில் கிழிசல். இது பலரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம். என் மைக்கின் முதுகில் -10, 0, +20 என்று ஒரு ஸ்விட்ச். பெரியவரின் மெல்லிய குரலுக்காக +20ல் வைத்தது அப்படியே இருந்தது. அந்த மின்னலை கேமராவுக்குள் நுழையும்போதே வாசலில் முட்டிச் சீவப்பட்டிருந்தது. அளவைத் திருகியபோது ஏற்கெனவே மொட்டையான அலையைத்தான் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன். முகடுகள் 0 வரை போகாமல் நடுவிலேயே தட்டையாக இருந்தால் காரணம் இதுதான். ஸ்விட்சை -10க்குத் தள்ளி அளவை மறுபடி வைத்ததும் தோலின் நாதம் தனியாக, கம்பின் சுளீர் தனியாகக் கேட்டது. பேச்சுக்கும் பக்கத்தில் அடிக்கும் தவிலுக்கும் 40 டெசிபல் வித்தியாசம் எளிதாக வரும், அழுத்தத்தில் நூறு மடங்கு. இரண்டுக்கும் ஒரே அளவு சரிப்படாது.

லிமிட்டர் இருந்தால் போட்டுவிடுங்கள். அலை கூரையைத் தொடப்போகும்போது சட்டென்று தலையை அழுத்திக் குனிய வைக்கும் காவலாள் அது. எதிர்பாராத வேட்டுச் சத்தம், யாரோ மைக்கருகே கைதட்டுவது, இவற்றுக்கு நல்லது. ஆனால் பாட்டு முழுவதும் அதுவே அமுக்கிக்கொண்டிருந்தால் ஒலி மூச்சுத்திணறும், அப்போது அளவைக் குறைக்க வேண்டியது நீங்கள். வாசலிலேயே சீவிப்போனதையும் அது காப்பாற்றாது. காற்று உள்ளே வந்தால் அந்தக் குமுறலுக்கும் குனிந்து குரலை அமுக்கிவிடும். அதனால் ஃபர் முதலில், அடி ஓசை வெட்டு அடுத்து, பிறகு அளவு, கடைசியில்தான் லிமிட்டர். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். டிஜிட்டல் கூரையைப் பொறுத்தவரை உண்மை. மைக்கே திணறினாலோ காற்று புகுந்தாலோ அந்த ரெக்கார்டரும் அதை அப்படியே எழுதிக்கொள்ளும்.

பெரியவரிடம் போனேன். காற்றுக்கு முதுகு காட்டி என்னை நிறுத்தி, அவரைக் கோயில் சுவரின் மறைவில் உட்காரவைத்து, ஃபர் மாட்டிய மைக்கை முழ தூரத்துக்குக் கொண்டுபோனேன். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், காற்று ஏறாது. "போன வருசந்தான் சொன்னேனேப்பா" என்று சலித்துக்கொண்டே தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பதிவானது. முதல் தடவை கதைக்கு நடுவே ஒரு தாலாட்டுப் பாடியிருந்தார். அதையும் பாடச் சொல்லிக் கேட்டேன். நினைவில்லை என்றார்.