தேதி தவறிவிட்டது, பையருக்கு என்ன எழுதுவது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால், ஆர்டர் பிடிப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். சரக்கு கிளம்ப வேண்டிய நாளில், ‘சரக்கு ரெடியாகவில்லை’ என்று வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவதுதான் அது. பெரும்பாலும் அந்த மெயில் இப்படி இருக்கும்:

“தவிர்க்க முடியாத காரணங்களால் சரக்கு சற்றே தாமதமாகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். கூடிய விரைவில் அனுப்பி வைக்கிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

பணிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் படிக்கிறவர் இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையர் தன் கிடங்கில் எந்த வாரம் இடம் ஒதுக்குவது, எந்த நிறத்தைக் கடை ஜன்னலில் மாட்டுவது, விளம்பரத் தாளில் எதைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர். ‘சற்றே’ என்பது மூன்று நாளா, மூன்று வாரமா? மொத்தச் சரக்கும் நிற்கிறதா, ஒரு பகுதி மட்டுமா? மெயிலில் பதில் இல்லாததால் அவர் திருப்பிக் கேட்பார். அந்தப் பதில் கடுமையாகத்தான் இருக்கும்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. நடப்பு திருப்பூரில் யாருக்கும் புதிதல்ல. 24,000 டி-ஷர்ட். வெள்ளை, சாம்பல், நேவி நீலம் என மூன்று நிறம், நிறத்துக்கு 8,000. ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள் ஜூன் 14, வெள்ளிக்கிழமை. வெள்ளையும் சாம்பலும் பெட்டி கட்டித் தயார். நேவி மட்டும் டையிங்கிலிருந்து வந்தபோது, பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளைவிட வெளிறியிருந்தது. பகல் வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. லைட் பாக்ஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. காரணம் சின்னது. இடையில் நூல் லாட் மாறியிருந்தது. பருத்தி மாறினால் அது சாயம் பிடிக்கிற அளவும் மாறும். புது நூலில் சின்னத் துண்டைச் சாயம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். லேப் டிப் என்பார்கள். அதைச் செய்யாமல் பழைய கணக்கிலேயே மொத்தத் துணியையும் ஓட்டிவிட்டார்கள்.

இது தெரிந்தது ஜூன் 10. அன்றைக்கே எழுதியிருக்கலாம். “ரெண்டு நாள் பொறு தம்பி, துணி வந்துரும். இப்பவே எழுதி அவங்களக் கலவரப்படுத்தாதே” என்பார் முதலாளி. “சரிங்கண்ணா” என்பார் மெர்ச்சன்டைசர். நான்கு நாள் போய்விடும். தாமதத்தை உண்டாக்கியது சாயம். அதைப் பையருக்குக் கோபமாக மாற்றுவது இந்த நான்கு நாள் மௌனம்.

சரி, 14-ம் தேதி வந்துவிட்டது. எழுதியாக வேண்டும். எழுதும் நேரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். வெள்ளி மதியம் 2 மணிக்கு இங்கிருந்து மெயில் போனால் அங்கே காலை 10.30, பையருக்கு முழு வேலைநாளில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். இரவு எட்டரைக்கு, பேக்கிங் சத்தமெல்லாம் அடங்கியபின் நிதானமாக எழுதி அனுப்பினால், அங்கே மாலை ஐந்து. திங்கட்கிழமை வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

மன்னிப்பு எதனால் எடுபடுகிறது என்று அமெரிக்காவில் ராய் லெவிக்கி என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருத்தம் சொல்வது, விளக்குவது, பொறுப்பேற்பது, இனி செய்யமாட்டோம் என்பது, சரிசெய்து தருவது, மன்னிக்கும்படி கேட்பது என்று ஆறு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதிகம் எடுபட்டது பொறுப்பேற்பது. அடுத்து, சரிசெய்து தருவதாகச் சொல்வது. கடைசி இடம் மன்னிப்புக் கேட்பதற்கு. நம்மவர்கள் மெயிலில் நான்கு முறை மன்னிக்கச் சொல்லிவிட்டுப் பொறுப்பை டையிங்காரர் தலையில் வைப்பதற்கு நேர் எதிர் இது. பையர் ஆர்டர் கொடுத்தது டையிங்காரருக்கு அல்லவே.

‘தவிர்க்க முடியாத காரணம்’ என்ற சொல்லையும் இங்கே விட்டுவிடலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருந்தது. ஒரு லேப் டிப் போடாமல் விட்டது அந்த வகையில் சேராது. பையரின் ஆட்களுக்கும் துணி தெரியும்.

இனி மெயிலுக்கு வருவோம். போவது ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கலாம்:

“நேவி நிறம் 8,000 டி-ஷர்ட்டுகள் இன்றைய தேதிக்குத் தயாராகவில்லை, ஜூன் 28-ல் கிளம்பும். வெள்ளையும் சாம்பலும், மொத்தம் 16,000, திட்டமிட்டபடி இன்றே தூத்துக்குடிக்குப் புறப்படுகின்றன.

நூல் லாட் மாறியபோது புதிதாக லேப் டிப் எடுக்காமல் விட்டது எங்கள் தவறு. 10-ம் தேதியே உங்களிடம் சொல்லாததும் எங்கள் தவறு. இரண்டுக்கும் வருந்துகிறோம்.

புது நூலில் லேப் டிப் எடுத்து, சரியான ஷேடு வந்துவிட்டது. நாளை டையிங் தொடங்குகிறது. 19-ம் தேதி துணியின் ஷேடை உங்கள் திருப்பூர் அலுவலகத்தில் காட்டுவோம். 20-ல் தையல் தொடங்கும். உங்கள் இன்ஸ்பெக்ஷன் 27-ம் தேதி.

ஆகஸ்ட் 5 கடைத் திறப்புக்கு நேவி கையில் இருக்க, முதல் 2,000 டி-ஷர்ட்டுகளை ஜூன் 24-ல் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்புகிறோம். மீதி 6,000 கப்பலில்.

உங்களிடம் இரண்டு விஷயம் தேவை: 19-ம் தேதியே ஷேடு ஒப்புதல், எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதியை ஜூன் 20-லிருந்து ஜூலை 5-க்கு மாற்றித் தருவது. 19-ம் தேதி மாலை அடுத்த மெயில் அனுப்புகிறேன்.”

மன்னிப்பு ஒரே ஒரு வாக்கியம். முதல் பத்தியிலேயே எது நின்றது, எது போகிறது, எப்போது வரும் என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. இந்த மெயிலைப் பையர் தன் கிடங்குக்கும் கடைப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் அப்படியே தட்டிவிடலாம். அவரவருக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது.

ஜூன் 28 எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில்தான் பலர் இரண்டாவது முறை விழுகிறார்கள். பையருக்குப் பிடிக்கிற தேதியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு வேலையை அதற்குள் திணிப்பார்கள். தேதி தறியிலிருந்தும் தையல் மெஷினிலிருந்தும் வர வேண்டும். டையிங் மூன்று நாள், துணியைக் காம்பாக்டிங் செய்து முடிக்க ஒரு நாள், ஷேடு ஒப்புதலும் கட்டிங் தொடக்கமும் ஒரு நாள். தையலுக்கு, நாளைக்கு 1,500 பீஸ் என்றால் ஆறு நாள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் தையலோடு பின்னாலேயே ஓடும். உற்பத்தி மேனேஜர் கூட்டிப் பார்த்து “26-ல் முடிச்சிடலாம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் 26. டையிங் ஏற்கெனவே ஒரு முறை சரியாக நடக்கவில்லை என்பதால் மெயிலில் 28. சொன்ன நாளுக்கு முன்பே சரக்கு கிளம்பினால் யாரும் திட்டப் போவதில்லை.

ஷேடுக்கு நேரில் ஒப்புதல் கேட்பதற்கும் காரணம் உண்டு. செல்போன் படத்தில் நேவியும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். படத்தைப் பார்த்து “ஓகே” வாங்கிக்கொண்டு கட்டிங் போட்டவர்கள், சரக்கு போய்ச் சேர்ந்தபின் அந்த ஓகேயால் பயனில்லை என்று கண்டுகொள்வார்கள்.

ஏன் 2,000 மட்டும் விமானத்தில்? கப்பல் பயணம் ஏறக்குறைய 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, ஐரோப்பாவுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது. 28-ல் கிளம்பும் நேவி ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் சேரும். திறப்பு 5-ம் தேதி. முதல் வாரம் கடைகளை நிரப்ப 2,000 போதும் என்றால், எல்லாவற்றையும் ‘ஏர்ல போட’ வேண்டியதில்லை. விமானக் கட்டணம் எடையைப் பார்த்து மட்டும் வருவதில்லை, பெட்டியின் கன அளவையும் பார்க்கிறார்கள். 60, 40, 30 சென்டிமீட்டர் பெட்டியில் 50 டி-ஷர்ட்; தராசில் 10 கிலோதான். நீள அகல உயரத்தைப் பெருக்கி வழக்கமான 6,000-ஆல் வகுத்தால் 12 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் பில். 40 பெட்டி, 480 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய். மொத்த 8,000-க்கும் என்றால் 4,80,000. அந்த ஆர்டரின் லாபமே அதற்குள் கரைந்துவிடக்கூடும். இந்தக் கணக்கைப் போடாமல் பதற்றத்தில் “எல்லாவற்றையும் ஏரில் அனுப்புகிறோம்” என்று எழுதிவிட்டால், பிறகு பின்வாங்குவது இன்னொரு தவறிய வாக்கு ஆகிவிடும்.

தள்ளுபடியைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தையும் இல்லை, கவனித்திருப்பீர்கள். பையர் கேட்டால் பேசலாம். நாமே ஐந்து சதவீதம் என்று தொடங்கினால், பேரம் ஐந்திலிருந்துதான் மேலே போகும். விமானச் செலவை ஏற்பது வேறு; அது பையரின் நஷ்டத்தையே தடுக்கிறது.

எல்.சி. வரியைச் சின்ன கம்பெனிகள் மறந்துவிடுவது வழக்கம். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கும். எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி ஜூன் 20 என்றிருந்து, கப்பல் ரசீது அதற்குப் பிந்தைய தேதியில் இருந்தால், பையர் மெயிலில் “பரவாயில்லை, அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தாலும் வங்கி பணத்தை நிறுத்தலாம். திருத்தம் வங்கி வழியாக வந்தபின்தான் சரக்கு வண்டியேற வேண்டும். வெள்ளை, சாம்பல் முதலில், நேவி பிறகு என்று பிரித்து அனுப்புவதை எல்.சி. தடுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தடுத்திருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

மெயில் போனபின் அதில் மிக முக்கியமான தேதி 28 அல்ல, 19. அன்று மாலை துணி சரியாக வந்தால் “ஷேடு ஒப்புதல் ஆகிவிட்டது” என்று இரண்டு வரி எழுதுங்கள். மறுபடியும் வெளிறி வந்தால் அதையும் அன்று மாலையே எழுதுங்கள், புதுத் தேதியோடு. ‘இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்று முதலாளி சொன்னாலும் எழுதுங்கள்.