மணிக்கணக்கும் நாள்கணக்கும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவுத்தாள் உண்டு. அவர் உடலுக்குள் சென்ற நீர்மத்தையும் வெளியேறிய நீர்மத்தையும் செவிலியர் மணிதோறும் அதில் மில்லிலிட்டரில் குறிப்பார். நாள்முடிவில் அவ்விருபத்து நான்கு மணிநேரக் குறிப்புகளும் ஒரு தொகுப்பாகின்றன. அடுத்த நாள் எவ்வளவு நீர்மம் செலுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்ய அத்தொகுப்பு உதவுகிறது.

தொகுக்கும் முறை

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 60 கிலோ எடையுள்ள ஒருவரின் பதிவுத்தாளை எடுத்துக்கொள்வோம். நாள் காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது. முதலில் நீர்மங்களை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்ட வேண்டும்.

| உட்சென்றவை | மி.லி. |
|---|---|
| சிரைவழி உப்புநீர் (75 × 24) | 1800 |
| குழாய்வழி உணவு (200 × 5) | 1000 |
| மருந்து கலந்த நீர்மம் (100 × 3) | 300 |
| ஊசிக்குழல் பம்பு வழி மருந்து (5 × 24) | 120 |
| மொத்தம் | 3220 |

| வெளியேறியவை | மி.லி. |
|---|---|
| சிறுநீர் | 1400 |
| அறுவைப் புண்ணின் வடிகுழாய் | 220 |
| மொத்தம் | 1620 |

3220 − 1620 = 1600. அன்றைய இருப்பு, மிகை 1600 மி.லி. ஆகும். இதனை முந்தைய நாள்களின் இருப்போடு கூட்டித் தொடர் இருப்பையும் எழுதுவர்.

பிழை நேரும் இடங்கள்

மணிக்கு 5 மி.லி. என்பது சிறிய அளவாதலால் கணக்கில் விடுபட்டுவிடும். ஐந்து நாள்கள் விடுபட்டால் 600 மி.லி. குறைந்து காட்டும். பதிவுத்தாளில் வெற்றுக் கட்டத்தைச் சுழியம் எனக் கொள்வதும் தவறு. சுழியம் என்பது அளந்து கண்ட முடிவு. வெற்றிடமோ அளக்கப்படாததன் அடையாளம். எனவே தொகுப்பவர் அம்மணிநேரத்தைச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும்.

மூச்சு, தோல் ஆகியவற்றின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மி.லி. நீர் அளவிடப்படாமல் வெளியேறுகிறது. காய்ச்சலில் இது மிகும். அதனால் உண்மையான மிகை 800 மி.லி. அளவே இருக்கலாம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ ஆதலால், நோயாளியின் எடை 60.8 கிலோவாக உயர்ந்திருப்பின் கணக்கு பொருந்துகிறது எனலாம்.

மொத்தம் மறைப்பது

இந்நோயாளியின் சிறுநீர் 1400 மி.லி.; பார்வைக்குக் குறையில்லை. ஆனால் மணிவாரியாக நோக்கினால், முதல் 18 மணிநேரத்தில் 1280 மி.லி. வெளியேறியிருக்கிறது, இறுதி ஆறு மணிநேரத்தில், மணிக்கு 20 வீதம், 120 மி.லி. மட்டுமே வெளியேறியிருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மி.லி. என்னும் கணக்கில் இவருக்குக் குறைந்தது 30 மி.லி. வேண்டும். ஆறு மணிநேரம் இவ்வளவுக்குக் கீழே நீடிப்பது சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க அறிகுறியாகக் கருதப்படுகிறது. சிறுநீர்க்குழாய் மடங்கியோ அடைபட்டோ உள்ளதா என்பதை முதலில் பார்ப்பர். அது சீராக இருப்பின் உடனே மருத்துவருக்குத் தெரிவிப்பர்.

ஆகவே நல்ல தொகுப்பில் மொத்தம் மட்டும் போதாது. அதன்கீழ், 'அதிகாலை 2 முதல் காலை 8 வரை சிறுநீர் மணிக்கு 20 மி.லி.' என்னும் ஒற்றை வரியும் இடம்பெற வேண்டும்.